ஒரே ஃபண்டு, இரண்டு விலை: டைரக்ட் பிளானும் ரெகுலர் பிளானும்

மியூச்சுவல் ஃபண்டில் முதன்முறை பணம் போட நினைப்பவர் ஒரு ஃபண்டின் பெயரைத் தேடினால், அதே பெயர் திரையில் பல வரிகளில் வந்து நிற்கும். ஒன்றின் முடிவில் Regular Growth, அடுத்ததில் Direct Growth, பிறகு Regular IDCW, Direct IDCW. இவற்றில் Growth, IDCW என்பது லாபத்தை ஃபண்டுக்குள்ளேயே வளரவிடுவதா, அவ்வப்போது கையில் வாங்கிக்கொள்வதா என்ற தனிக் கேள்வி. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, Direct, Regular என்ற இரு சொற்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். புதிதாக வருபவரைக் குழப்புவதும், 20 ஆண்டுகளில் பல லட்சம் ரூபாய் வித்தியாசத்தை உண்டாக்குவதும் இந்த இரண்டு சொற்கள்தான்.

## எது ஒன்று, எது வேறு

இரண்டு பிளானிலும் போடும் பணம் ஒரே பானைக்குள்தான் போகிறது. ஒரே நிதி மேலாளர், ஒரே பங்குகள், ஒரே அளவு ஆபத்து. சந்தை இறங்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ரெகுலர் பிளானில் பாதுகாப்பு அதிகம் என்றோ, டைரக்ட் பிளானில் நல்ல பங்குகள் இருக்கும் என்றோ யாராவது சொன்னால், அது தவறு.

வேறுபடுவது வாங்கும் வழி. டைரக்ட் என்றால் ஃபண்டு நிறுவனத்திடம் நேராக வாங்குகிறீர்கள். ரெகுலர் என்றால் நடுவில் ஒரு விநியோகஸ்தர் இருக்கிறார். அவர் உங்கள் ஊர் ஏஜென்டாக இருக்கலாம், வங்கியாக இருக்கலாம், கைபேசிச் செயலியாகவும் இருக்கலாம். உங்கள் பணம் ஃபண்டில் இருக்கும்வரை, அதன் மதிப்பில் ஒரு சதவீதக் கணக்குப்படி அவருக்கு ஆண்டுதோறும் கமிஷன் போகிறது. அந்தக் கமிஷன் ரெகுலர் பிளானின் செலவோடு சேர்க்கப்படுகிறது. டைரக்ட் பிளானில் அது இல்லை.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் வந்ததல்ல. 2009 ஆகஸ்ட் வரை, பங்கு சார்ந்த ஃபண்டுகளில் நுழையும்போதே 2.25 சதவீதம் வரை பிடித்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 100 ரூபாய் கொடுத்தால் 97.75 ரூபாய்தான் முதலீடாகும். இந்த நுழைவுக் கட்டணத்தைப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபி நிறுத்தியது. 2013 ஜனவரி 1 முதல் ஃபண்டு நிறுவனங்கள் டைரக்ட் பிளானும் தர வேண்டும் என்றானது. 2018 அக்டோபரில் முன்பணமாகக் கமிஷன் கொடுப்பதற்கும் தடை வந்தது. ஆகவே இன்று விநியோகஸ்தருக்குக் கிடைப்பது, பணம் தங்கியிருக்கும் காலத்துக்கு ஏற்ப வரும் தொடர் கமிஷன்தான்.

## ரசீது வராத செலவு

செலவு விகிதம் என்பது ஃபண்டை நடத்துவதற்காக உங்கள் பணத்திலிருந்து ஓராண்டில் எடுக்கப்படும் பங்கு. மேலாளரின் கட்டணம், கணக்குத் தணிக்கை, முதலீட்டாளர்களின் கணக்குகளைப் பராமரிக்கும் பதிவாளருக்கான செலவு எல்லாம் இதில் அடங்கும். ரெகுலரில் கமிஷனும் சேரும். இதன் உச்ச வரம்பை செபி வைத்திருக்கிறது. ஒவ்வொரு திட்டத்தின் விகிதத்தையும் ஃபண்டு நிறுவனம் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும்.

இது தனியாக வசூலிக்கப்படுவதில்லை என்பதால்தான் கண்ணில் படுவதில்லை. ரெகுலர் பிளானின் விகிதம் 1.8 சதவீதம், டைரக்ட் பிளானின் விகிதம் 0.8 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 1 லட்சம் ரூபாய் இருந்தால், ரெகுலரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 ரூபாய் 93 காசும், டைரக்டில் 2 ரூபாய் 19 காசும் கழியும். கழித்த பிறகு மிஞ்சுவதைத்தான் அன்றைய யூனிட் விலையாக, அதாவது என்.ஏ.வி.யாக, அறிவிக்கிறார்கள். திரையில் தெரியும் வருமானம் எல்லாமே செலவு போன பிறகுள்ள வருமானம். 2 ரூபாய் 74 காசு வித்தியாசத்தை எந்தக் குறுஞ்செய்தியும் உங்களுக்குச் சொல்லாது.

இங்கே ஒரு பொதுவான தடுமாற்றம் உண்டு. இரண்டு பிளானின் யூனிட் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர், டைரக்டின் விலை அதிகமாக இருப்பதைக் கண்டு, 'இது விலை கூடியது, யூனிட் குறைவாகக் கிடைக்கும்' என்று ரெகுலரை வாங்கிவிடுகிறார். உண்மை நேர்மாறானது. இரண்டும் 100 ரூபாயில் தொடங்கி, செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தன என்று கொள்வோம். விகிதத்தை நேராகக் கழித்தால் டைரக்ட் 11.2 சதவீதமும் ரெகுலர் 10.2 சதவீதமும் வளரும். 10 ஆண்டு கழித்து டைரக்ட் 289 ரூபாய், ரெகுலர் 264 ரூபாய். விலை கூடியிருப்பதற்குக் காரணம், அந்தப் பத்தாண்டில் குறைவாகக் கழித்தார்கள் என்பதுதான். அன்று 10,000 ரூபாய் போட்டால் ரெகுலரில் சுமார் 37.9 யூனிட்டும் டைரக்டில் 34.6 யூனிட்டும் வரும். கையில் இருக்கும் மதிப்பு இரண்டிலும் அதே 10,000 ரூபாய். யூனிட் எண்ணிக்கைக்கு இங்கே எந்த அர்த்தமும் இல்லை. மறுநாளிலிருந்து எது வேகமாக வளரும் என்பதே கணக்கு.

இரண்டு பிளானுக்கும் இடையிலான இடைவெளி எல்லா ஃபண்டிலும் 1 சதவீதமாக இருப்பதில்லை. மேலாளர் பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் ஃபண்டுகளில் அது அகலமாக இருக்கும். குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்டுகளில் குறுகியிருக்கும். குறுகிய காலப் பணத்தை வைக்கும் லிக்விட் ஃபண்டுகளில் பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதே அல்ல. நீங்கள் வாங்கப்போகும் ஃபண்டின் இரண்டு விகிதங்களையும் பார்த்து, கழித்தல் கணக்கு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். இனி வரும் எடுத்துக்காட்டுகள் 1 சதவீத இடைவெளியை வைத்தே போகின்றன.

## மாதம் 10,000 ரூபாய், 20 ஆண்டுகள்

மாதத் தொடக்கத்தில் 10,000 ரூபாயை எஸ்.ஐ.பி. ஆக, அதாவது மாதந்தோறும் தவறாத தவணையாக, போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். செலவுக்கு முந்தைய வளர்ச்சி அதே 12 சதவீதம். சந்தை இப்படி ஒரே சீராக வளராது என்பது தெரிந்ததே. செலவின் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க இந்த எளிமை உதவும்.

1. 5 ஆண்டு முடிவில் (போட்டது 6 லட்சம்): டைரக்ட் 7.95 லட்சம், ரெகுலர் 7.76 லட்சம். வித்தியாசம் 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு.
2. 10 ஆண்டு முடிவில் (போட்டது 12 லட்சம்): டைரக்ட் 21.5 லட்சம், ரெகுலர் 20.4 லட்சம். வித்தியாசம் 1.1 லட்சம்.
3. 20 ஆண்டு முடிவில் (போட்டது 24 லட்சம்): டைரக்ட் 83.5 லட்சம், ரெகுலர் 74.1 லட்சம். வித்தியாசம் 9.4 லட்சம்.

காலம் நான்கு மடங்கானபோது வித்தியாசம் ஏறக்குறைய 48 மடங்காகியிருக்கிறது. கழிந்த கமிஷனோடு, அந்தப் பணம் உள்ளே இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் வளர்ச்சியும் சேர்ந்து போய்விடுவதால் இப்படி ஆகிறது.

டைரக்ட் பிளானை ஆதரிப்பவர்கள் வழக்கமாக இந்த மூன்றாவது வரியைக் காட்டிப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். கணக்கு சரிதான், ஆனால் பாதிதான். 20 ஆண்டும் அந்த மனிதர் ஒரு தவறும் செய்யாமல், ஒரு மாதமும் விடாமல், ஒரு சரிவிலும் பயந்து விற்காமல் இருந்தார் என்று அது எடுத்துக்கொள்கிறது.

## கட்டணம் ஏறுகிறது, தேவை இறங்குகிறது

இதே மனிதர் ரெகுலர் பிளானில் இருந்தால், விநியோகஸ்தர் வழியாக வந்ததற்கு ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு கொடுக்கிறார்? முதல் ஆண்டில் கணக்கில் சராசரியாக 70,000 ரூபாய்கூட இருக்காது. அதில் 1 சதவீதம் 700 ரூபாய்க்கும் குறைவு. அந்த ஆண்டில்தான் கே.ஒய்.சி. படிவம், வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் பணம் எடுக்க அனுமதி, வாரிசு நியமனம், எந்த வகை ஃபண்டு என்ற முடிவு எல்லாமே நடக்கும். இத்தனைக்கும் 700 ரூபாய் என்றால் மலிவு. கவனமாகச் செய்து கொடுக்கும் விநியோகஸ்தருக்கு அது நஷ்டம் என்றே சொல்லலாம்.

இருபதாவது ஆண்டில் கணக்கில் 70 லட்சம் இருக்கும். 1 சதவீதம் 70,000 ரூபாய். அந்த ஆண்டில் அவர் செய்யும் வேலை? எஸ்.ஐ.பி. தானாகப் போய்க்கொண்டிருக்கும். முதலீட்டாளரும் இரண்டு மூன்று சரிவுகளைக் கடந்து பக்குவப்பட்டிருப்பார். கட்டணம் வேலையைப் பொறுத்து இல்லாமல் பணத்தின் அளவைப் பொறுத்து இருப்பதால், உதவி அதிகம் வேண்டிய காலத்தில் மலிவாகவும், குறைவாக வேண்டிய காலத்தில் விலை மிகுந்ததாகவும் ஆகிவிடுகிறது. 'டைரக்டா, ரெகுலரா' என்று ஒரே முறை கேட்டு ஒரே பதிலோடு 20 ஆண்டு போவதில் உள்ள கோளாறு இதுதான்.

மறுபக்கத்தையும் ரூபாயில் பார்ப்போம். 2020 ஜனவரி நடுவில் 12,362 புள்ளிகளில் முடிந்த நிஃப்டி 50 குறியீடு, மார்ச் 23 அன்று 7,610 புள்ளிகளில் முடிந்தது. ஏறத்தாழ 38 சதவீத வீழ்ச்சி. குறியீட்டோடு சேர்ந்து நடக்கும் ஃபண்டில் 5 லட்சம் வைத்திருந்தவரின் கையில் சுமார் 3.08 லட்சம் இருந்திருக்கும். அன்று பயந்து விற்று, நவம்பரில் குறியீடு பழைய உயரத்தைத் தாண்டிய பிறகு திரும்பி நுழைந்திருந்தால், ஏறக்குறைய 1.9 லட்சம் ரூபாயை விட்டுவிட்டார் என்று பொருள். அவருடைய 5 லட்சத்துக்கு ஆண்டுக் கமிஷன் 5,000 ரூபாய். அந்த ஒரு நாள் 'விற்காதீர்கள்' என்று சொல்லித் தடுத்திருக்கக்கூடிய ஒருவருக்கு, அதே அளவில் 38 ஆண்டுகள் கொடுத்திருக்கலாம்.

'தடுத்திருக்கக்கூடிய' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ரெகுலர் பிளானில் இருந்தவர்களும் அந்த மார்ச் மாதத்தில் விற்றார்கள். கமிஷன் போவதால் மட்டும் தொலைபேசி ஒலித்துவிடாது.

## ஆலோசனை தருபவர் யார்

சட்டப்படி இங்கே இரண்டு வகையினர் இருக்கிறார்கள். பேச்சுவழக்கில் இருவரையும் 'ஆலோசகர்' என்று சொல்லிவிடுவதால் குழப்பம் தொடர்கிறது.

விநியோகஸ்தர் ஒரு தேர்வு எழுதி, ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ARN என்ற பதிவு எண் பெற்றவர். விற்பதுதான் அவர் தொழில். விற்பனையோடு ஒட்டிய அளவில் வழிகாட்டலாம். வருமானம் ஃபண்டு நிறுவனத்திடமிருந்து வருகிறது.

பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர் செபியிடம் நேரடியாகப் பதிவு செய்தவர். இவர்களுக்கான விதிமுறைகள் 2013இல் வந்தன. இவர் உங்களிடம்தான் கட்டணம் வாங்க வேண்டும். உங்கள் முதலீட்டின் மீது கமிஷன் வாங்க முடியாது. அதனால் டைரக்ட் பிளானைத்தான் பரிந்துரைப்பார். எண்ணிக்கையில் இவர்கள் குறைவு. சிறிய நகரங்களில் தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை.

ஆக, டைரக்ட் என்றால் ஆலோசனையே கிடையாது என்பது சரியல்ல. ஆலோசனையைத் தனியாக விலை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அது எப்போது கட்டுப்படியாகும்? ஓர் ஆலோசகர் ஆண்டுக்கு 12,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் 1 லட்சம் இருப்பவருக்கு அது 12 சதவீதம். கொடுப்பதில் அர்த்தமே இல்லை. 12 லட்சம் இருக்கும்போது சரியாக 1 சதவீதம், அதாவது ரெகுலர் பிளானின் கமிஷனுக்குச் சமம். நம் எடுத்துக்காட்டு மனிதர் ஏழாம் ஆண்டு முடிவில் 12 லட்சத்தைத் தொடுகிறார். அதற்குப் பிறகு நிலையான கட்டணம் மலிவு, கமிஷன் விலை கூடியது. உங்கள் இடைவெளியையும் ஆலோசகர் கேட்கும் தொகையையும் போட்டால் உங்களுக்கான எல்லை கிடைத்துவிடும்: கட்டணத்தை 100ஆல் பெருக்கி, இடைவெளிச் சதவீதத்தால் வகுங்கள்.

## நீங்கள் எதில் இருக்கிறீர்கள், எதற்குக் கொடுக்கிறீர்கள்

பலருக்குத் தாங்கள் ரெகுலரில் இருப்பதே தெரியாது. 'எங்கள் செயலியில் கட்டணம் இல்லை' என்ற வரியைப் படித்துவிட்டு அதை டைரக்ட் என்று எண்ணிக்கொள்கிறார்கள். உங்களிடம் கட்டணம் வாங்காத செயலி, ஃபண்டு நிறுவனத்திடமிருந்து கமிஷன் வாங்கலாம். சரிபார்க்க மூன்று இடங்கள் உண்டு.

1. கணக்கு அறிக்கையில் திட்டத்தின் முழுப் பெயர். Direct என்ற சொல் இருந்தால்தான் டைரக்ட். எந்தச் சொல்லும் இல்லாமல் வெறும் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் ரெகுலராகவே இருக்கும்.
2. அதே அறிக்கையில் ஆலோசகருக்கான இடம். ARN என்று தொடங்கும் எண் இருந்தால் யாருக்கோ கமிஷன் போகிறது.
3. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த அறிக்கை. உங்கள் முதலீட்டின் மீது விநியோகஸ்தருக்குக் கொடுத்த தொகை அதில் ரூபாயாகவே அச்சிடப்பட்டிருக்கும். மின்னஞ்சலில் வரும் இந்த அறிக்கையைத் திறந்து பார்ப்பவர்கள் அரிது. சதவீதத்தில் உறைக்காதது ரூபாயில் உறைக்கும்.

அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு, கடந்த ஓராண்டில் என்ன கிடைத்தது என்று எண்ணிப் பாருங்கள். அவசரச் செலவுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேட்டாரா? சந்தை இறங்கியபோது அவராகத் தொடர்புகொண்டாரா? வாரிசு நியமனம் எல்லாக் கணக்கிலும் இருக்கிறதா என்று பார்த்தாரா? கடைசிக் கேள்வியைச் சிறிதாக எண்ண வேண்டாம். முதலீட்டாளர் இறந்த பிறகு இறப்புச் சான்றிதழ், படிவங்கள், வங்கிச் சான்று என்று அலைவது, அதுவரை ஃபண்டின் பெயரே தெரியாத குடும்பத்தினர்தான். அந்த நேரத்தில் கூட நிற்கும் உள்ளூர் விநியோகஸ்தர் தன் கமிஷனை நேர்மையாகவே சம்பாதிக்கிறார். மாறாக, வருடத்துக்கு ஒருமுறை புதிய ஃபண்டு அறிமுகமாகும்போது மட்டும் அழைப்பவரிடமிருந்து நீங்கள் ஆலோசனை வாங்கவில்லை.

என் கணிப்பு இது. ஓர் இண்டெக்ஸ் ஃபண்டு, அவசரச் செலவுக்குத் தனியாகக் கொஞ்சம் பணம் என்று எளிமையாகத் தொடங்கத் தெரிந்தவர், படிவங்களைத் தானே நிரப்பக்கூடியவர், முதல் நாளே டைரக்டில் போகலாம். எதை வாங்குவது என்றே புரியாமல் ஆண்டுக்கணக்கில் சேமிப்புக் கணக்கில் பணத்தை வைத்திருப்பவருக்கு, தெரிந்த, பதில் சொல்லக்கூடிய ஒரு விநியோகஸ்தர் வழியாக ரெகுலரில் தொடங்குவது தவறல்ல. 5 ஆண்டில் அதற்கான விலை 20,000 ரூபாய்க்குள். வழிகாட்டவும் ஆள் இல்லாமல் ரெகுலரில் இருப்பதுதான் எந்தக் கணக்கிலும் சேராதது.

## ஏற்கெனவே ரெகுலரில் இருந்தால்

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாறுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலைபோலத் திரையில் தோன்றும். வருமான வரிச் சட்டத்தின் பார்வையில் அது விற்பனை. பிறகு புதிதாக வாங்குதல். ஆகவே புதிய தவணைகளை டைரக்டில் தொடங்கிவிட்டு, பழைய யூனிட்டுகளைக் கணக்குப் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும்.

பங்கு சார்ந்த ஃபண்டை 12 மாதத்துக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி. பல ஃபண்டுகளில் 1 சதவீத வெளியேறும் கட்டணமும் உண்டு. 12 மாதம் தாண்டிய லாபத்தில், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் நடைமுறையில் உள்ள விகிதங்கள் இவை. வரி சேமிப்புக்கான இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டுகளில் ஒவ்வொரு தவணைக்கும் 3 ஆண்டு பூட்டு இருப்பதால், அது முடியாமல் மாறவே முடியாது.

4 லட்சம் போட்டு 6 லட்சமாக வளர்ந்த ரெகுலர் முதலீடு, எல்லா யூனிட்டும் ஓராண்டு தாண்டியவை. லாபம் 2 லட்சம். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால், விலக்குப் போக 75,000 ரூபாய்க்கு வரி: 9,375 ரூபாய், 4 சதவீத கூடுதல் தீர்வையோடு 9,750 ரூபாய். மாறியபின் ஆண்டுக்குச் சேமிப்பு 6 லட்சத்தில் 1 சதவீதம், 6,000 ரூபாய். 20 மாதத்தில் வரி ஈடாகிவிடும்.

ஒரு பகுதியை மார்ச்சிலும் மீதியை ஏப்ரலிலும் மாற்றினால் லாபம் இரண்டு நிதியாண்டுகளில் பிரிந்து, அந்த 9,750 ரூபாயும் மிஞ்சலாம். ஆனால் யூனிட்டுகளைச் சரிபாதியாகப் பிரித்தால் லாபமும் சரிபாதியாகும் என்று நம்பிவிடக் கூடாது. முதலில் வாங்கிய யூனிட்டே முதலில் விற்கப்பட்டதாகக் கணக்கு. பழைய யூனிட்டுகளில்தான் லாபம் அதிகம் குவிந்திருக்கும். மார்ச்சில் பாதி யூனிட்டை விற்பவருக்கு 1 லட்சத்துக்குப் பதில் 1.4 லட்சம் லாபம் வந்து, வரம்பைத் தாண்டிவிடக்கூடும். அதே ஆண்டில் பங்குகளை விற்று நீண்டகால லாபம் எடுத்திருந்தால் அதுவும் இதே 1.25 லட்சத்தில்தான் சேரும். பதிவாளரின் இணையதளத்தில் மூலதன லாப அறிக்கையை எடுத்து, எத்தனையாவது யூனிட்டில் லாபம் 1.25 லட்சத்தைத் தொடுகிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையோடு மார்ச் மாற்றத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும்.